பிள்ளைகளின் புகைப்படங்கள் பற்றி, கூட்டத்துக்கு வர இயலாத பெற்றோருக்கு

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். சனிக்கிழமை நடந்த பெற்றோர் கூட்டத்தில் பேசியதை, வேலை காரணமாக வர முடியாதவர்களுக்காக எழுதுகிறேன். வந்தவர்களும் வீட்டில் ஒருமுறை படித்துக் காட்டுங்கள்.

அன்று எங்கள் கணினி ஆசிரியை என் படத்தையே எடுத்துக்கொண்டார். சுதந்திர தினத்தன்று பச்சை நிறக் கைத்தறிச் சேலையில் நான் கொடியேற்றும் படம். கைபேசியில் இலவசமாகக் கிடைக்கும் ஒரு செயலியில் சேலையை மட்டும் விரலால் தேய்த்து, 'மழைக்கோட்டு' என்று தட்டச்சு செய்தார். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, திரையில் நான் மஞ்சள் மழைக்கோட்டில் நின்றேன். அரங்கமே அமைதியாகிவிட்டது. உற்றுப் பார்த்தால் மட்டும் கழுத்துச் சங்கிலி பாதியில் காணாமல் போயிருந்தது, கொடிக்கயிற்றைப் பிடித்த கையில் ஒரு விரல் கூடுதலாக இருந்தது. ஆனால் சிறிய திரையில், அவசரமாகப் பார்ப்பவருக்கு இது எதுவும் தெரியாது. அடுத்தடுத்து வரும் செயலிகளில் இந்தப் பிழைகளும் குறைந்துகொண்டே போகின்றன.

ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். உடைக்குள் இருப்பதை எந்தச் செயலியாலும் பார்க்க முடியாது. உடை இருந்த இடத்தை அழித்துவிட்டு, வேறு ஆயிரக்கணக்கான படங்களிலிருந்து கற்றதை வைத்து அங்கே ஊகமாக ஒன்றை வரைகிறது, அவ்வளவுதான். ஆகவே இதே வேலையை ஒரு பிள்ளையின் படத்தில் யாராவது அசிங்கமாகச் செய்தால், அந்த உடல் நம் பிள்ளையுடையது அல்ல, முகம் மட்டுமே அவளுடையது. அப்படி ஒரு நிலை வந்தால் முதலில் இதைத்தான் அவளிடம் சொல்லுங்கள்.

2023 செப்டம்பரில் ஸ்பெயினில் அல்மெந்திராலெஹோ என்ற சிறு நகரத்தில் இதுதான் நடந்தது. முழு உடையோடு எடுத்த சாதாரணப் படங்களை மாற்றி, இருபதுக்கும் மேற்பட்ட பள்ளி மாணவிகளை நிர்வாணமாகக் காட்டிப் பரப்பினார்கள். செய்தவர்கள் அதே ஊர்ப் பையன்கள். ஒரு தாய் வெளிப்படையாகப் பேசிய பிறகே மற்ற வீடுகளும் வாய் திறந்தன. 2024-இல் 15 சிறுவர்களுக்கு நீதிமன்றம் ஓராண்டுக் கண்காணிப்பு விதித்தது. பெண் பிள்ளைகளைப் பெற்றவர்கள் மட்டுமல்ல, ஆண் பிள்ளைகளைப் பெற்றவர்களும் இதை வீட்டில் பேச வேண்டும் என்று நான் கேட்பது இதனால்தான். "சும்மா விளையாட்டுக்கு" என்ற பேச்சு இங்கே செல்லாது. நம் நாட்டு போக்சோ சட்டத்தில் மாற்றியமைத்த படமும் குற்றத்தில் அடங்கும்.

சரி, படங்களை எப்படிக் காப்பது? முகம் நேராக, பெரிதாக, நல்ல வெளிச்சத்தில் தெரியும் தனிப்படம்தான் இப்படிப் படத்தை மாற்றுபவர்களுக்கு வசதி. அத்தகைய படங்களை யாரும் பார்க்கக்கூடிய இடத்தில் வைக்காதீர்கள். வாட்ஸ்அப்பில் Settings, Privacy, Profile photo என்று போய் My contacts என்று மாற்றுங்கள். பிறந்தநாள் படத்தை ஸ்டேட்டஸில் வைக்கும் முன் Status பகுதியில் Only share with என்பதைத் தேர்ந்தெடுத்து, உறவினர்களுக்கு மட்டும் காட்டுங்கள். படத்தின் ஓரத்தில் பெயர் அச்சிட்டுவிட்டால் போதும் என்று சிலர் நினைக்கிறார்கள். அதை வெட்டி எறிவது எளிது, நம்பாதீர்கள். இவையெல்லாம் ஆபத்தைக் குறைக்குமே தவிர, முற்றாக நீக்காது. பார்க்க அனுமதி உள்ளவரே வேறொரு கைபேசியில் திரையைப் படம் பிடித்துவிடலாம்.

நடந்துவிட்டால் பிள்ளையைத் திட்டாதீர்கள், "ஏன் படம் போட்டாய்" என்று கேட்காதீர்கள். அந்தப் படத்தை யாருக்கும் அனுப்பாதீர்கள், எனக்கும்கூட வேண்டாம். பரப்புவது யாராக இருந்தாலும் குற்றம். வந்த எண், நேரம், இணைப்பு ஆகியவற்றைக் காகிதத்தில் எழுதிவைத்து, அழிக்காமல் அப்படியே cybercrime.gov.in தளத்தில் பெண்கள், குழந்தைகள் பிரிவில் புகார் செய்யுங்கள். குழந்தைகள் உதவி எண் 1098.

இன்னொரு வழியும் உண்டு. takeitdown.ncmec.org என்ற தளம் 18 வயதுக்குட்பட்டோர் படங்களுக்கானது. படம் உங்கள் கைபேசியை விட்டுப் போவதில்லை. அதிலிருந்து கைரேகை போன்ற ஓர் எண்ணை மட்டும் எடுத்துக்கொள்கிறது. இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக் போன்ற பங்கேற்கும் தளங்கள் அந்த எண்ணை வைத்து அதே படத்தைத் தேடி நீக்கும். படத்தை வெட்டியோ மாற்றியோ மீண்டும் போட்டால் எண்ணும் மாறிவிடும், அதற்குத் தனியாகப் பதிய வேண்டும். வாட்ஸ்அப் உரையாடல்களுக்குள் இது எட்டாது.

நம் பள்ளியும் திருந்த வேண்டியிருக்கிறது. ஆண்டு விழாப் படங்களைப் பிள்ளைகளின் பெயர், வகுப்போடு எல்லோரும் பார்க்கும்படி நாங்களே போட்டிருந்தோம். அவற்றை எடுத்துவிட்டோம். இனி தூரத்திலிருந்து எடுத்த குழுப் படங்கள் மட்டுமே, பெயரில்லாமல் வரும். அதற்கும் உங்கள் சம்மதம் வேண்டும். இத்துடன் உள்ள படிவத்தில் 'சம்மதம்' அல்லது 'சம்மதமில்லை' என்று குறித்து, கையெழுத்திட்டு, வரும் வெள்ளிக்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் கொடுத்தனுப்புங்கள். தனியாகப் பேச விரும்புவோர் மாலை நான்கு மணிக்கு மேல் எந்த நாளும் என் அறைக்கு வரலாம்.

அன்புடன்,
தலைமையாசிரியை