வங்கியில் தங்கிவிட்ட கேலிச்சித்திரம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வலைத்தளத்தில் ஏற்றிய படம் யார் கண்ணிலும் படுவதற்கு முன்பே காணாமல் போனால், 'கணினி தப்பாகப் புரிந்துகொண்டது' என்று சொல்லிவிடுகிறோம். பல சமயம் அது எதையும் புரிந்துகொள்ள முயல்வதே இல்லை. ஒப்பிட்டுப் பார்க்கிறது, அவ்வளவுதான்.

படம் ஏறியதும் அதைச் சின்னதாகச் சுருக்கி, வெளிச்சமும் இருட்டும் எப்படிப் பரவியிருக்கின்றன என்பதை ஒரு எண்ணாக மாற்றுகிறார்கள். இதை ஹேஷ் என்பார்கள். ஃபேஸ்புக் 2019இல் பொதுவில் வெளியிட்ட பிடிக்யூ முறையில் அது 256 பிட் நீளம். தடை செய்த படங்களின் ஹேஷ்கள் 'வங்கி' எனப்படும் ஒரு தொகுப்பில் இருக்கும். புதிய படம் அவற்றில் ஒன்றிலிருந்து 31 பிட் வரை வேறுபட்டாலும் ஒரே படமாகக் கொள்ளலாம் என்பது பரிந்துரை. அதனால் அளவைக் குறைத்தாலும் தரம் கொஞ்சம் மங்கினாலும் பிடிபட்டுவிடும். ஆனால் படத்தோடு சேர்த்துப் பதிவில் நீங்கள் எழுதிய நான்கு வரி இந்தக் கணக்கில் வராது. கண்டித்து எழுதினாலும் பாராட்டி எழுதினாலும் ஹேஷ் ஒன்றுதான்.

குழந்தைகள் மீதான பாலியல் கொடுமைப் படங்களைத் தடுக்க இந்த முறை வேண்டும்; அங்கே சூழல் எதையும் மாற்றப் போவதில்லை. கேலிச்சித்திரம் அப்படியா?

கொலம்பியாவில் 2020 செப்டம்பரில் ஒருவர் ஃபேஸ்புக்கில் ஒரு கேலிச்சித்திரம் போட்டார். கீழே விழுந்து கிடக்கும் ஒருவரைக் காவலர்கள் மூவர் தடியோங்கி உதைக்கிறார்கள். பக்கத்தில் ஒரு புத்தகமும் பென்சிலும். காவல்துறையைக் கண்டிக்கும் படம். ஃபேஸ்புக்கை நடத்தும் மெட்டாவின் ஊழியர் ஒருவர் அதைத் தவறுதலாக வங்கியில் சேர்த்துவிட, பதிந்து 16 மாதம் கழித்து அது தானாக நீக்கப்பட்டது. அதே படத்தைப் போட்டிருந்த மற்றவர்களுக்கும் அதே கதிதான். 215 பேர் மேல்முறையீடு செய்தார்கள், அதில் 98 சதவீதம் அவர்களுக்குச் சாதகமாகவே முடிந்தது. சரி, அப்புறமாவது வங்கியிலிருந்து எடுத்தார்களா? இல்லை. விஷயம், மெட்டாவின் நீக்க முடிவுகளை மறுஆய்வு செய்யும் மேற்பார்வை வாரியத்துக்குப் போகும்வரை ஹேஷ் அங்கேயே இருந்து, அடுத்தடுத்த பிரதிகளை நீக்கிக்கொண்டிருந்தது.

என்னை உறுத்துவது அந்த முதல் தவறு அல்ல. மனிதர் வேலையில் அது நடக்கும். ஒவ்வொரு மேல்முறையீட்டிலும் ஒரு பதிவு மட்டும் திரும்பி வந்தது, தீர்ப்பு வங்கிக்குப் போய்ச் சேரவில்லை. முறையிடத் தோன்றாமல் விட்டவர்கள் எத்தனை பேரோ. மேல்முறையீட்டில் அடிக்கடி ஜெயிக்கும் படத்தை வங்கியில் வைக்கலாமா என்று மறுபரிசீலனை செய்ய வேண்டும் என 2022இல் வாரியம் பரிந்துரைத்தது.

இன்னொன்றும் சேர்க்கலாம். நீக்கியதாக வரும் அறிவிப்பில், 'பழைய படம் ஒன்றோடு பொருந்தியதால் நீக்கினோம், உங்கள் வாசகம் படிக்கப்படவில்லை' என்று ஒரு வரி இருக்கட்டும். எதை எதிர்த்து முறையிடுகிறோம் என்பது அப்போதுதான் தெரியும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்