லைக்குக்கு லைக் குரூப் அட்மின்களுக்கு ஒரு திறந்த மடல்

அட்மின் அண்ணன்களுக்கும் அக்காக்களுக்கும் வணக்கம்.

நானும் உங்க குரூப்ல ஒரு மெம்பர்தான், பேசறது கம்மி. மத்தவங்களுக்கு வீடியோ எடிட் பண்ணிக் குடுக்கறது என் வேலைங்கறதால அங்க வர்ற ஸ்க்ரீன்ஷாட்ட மட்டும் விடாம பாப்பேன். தினமும் யாராவது ஒருத்தர் "வியூஸ் வருதுங்க ஆனா எல்லாமே நம்ம ஃபாலோயர்ஸ்தான், எக்ஸ்ப்ளோர் பக்கமே போக மாட்டேங்குது"ன்னு புலம்புவாங்க. அடுத்த நிமிஷமே உங்க ரெடிமேட் பதில் வந்துடும்: ஷேடோபேன் ஆயிடுச்சு, அதாவது கம்பெனி சொல்லாம கொள்ளாம உங்கள மறைச்சிடுச்சு, லிங்க்க போடுங்க, எல்லாரும் போய் லைக் கமெண்ட் போட்டு தூக்கி விடுவோம். இந்த மடல் அந்த பதிலப் பத்திதான், ஏன்னா பாதிக்கு மேல கேஸ்ல அது நோயே வேற மருந்தே வேற. இன்ஸ்டாகிராம் ரீல்ஸ வெச்சு மட்டும் பேசறேன், குரூப்ல முக்காவாசி பேர் இருக்கறது அங்கதான்.

முதல்ல ஒண்ணு புரிஞ்சிக்கணும். ஃபாலோயருக்கு வீடியோ போறதும் தெரியாதவங்களுக்கு போறதும் ஒரே ரோட்டோட நீட்சி இல்ல, ரெண்டும் தனித்தனி. ஃபாலோ பண்றவங்க நம்மள பாக்கணும்னு அவங்களே கேட்டு வெச்சிருக்காங்க, அதனால வீடியோ கம்யூனிட்டி கைட்லைன்ஸ மீறாத வரைக்கும் அவங்க ஃபீடுக்கு போகும், ப்ரொஃபைல்ல உக்காந்திருக்கும், ஸ்டோரில ஷேர் பண்ணா அங்கயும் ஓடும். ரீல்ஸ் டேப்லயும் எக்ஸ்ப்ளோர்லயும் காட்டறது அப்படி இல்ல, அங்க பாக்கறவன் நம்மள கேக்கவே இல்ல, கம்பெனிதான் தானா பரிந்துரைக்குது. அதனால அதுக்கு ரெகமெண்டேஷன் கைட்லைன்ஸ்னு இன்னொரு ரூல் புக் வெச்சிருக்காங்க, 2020லயே பப்ளிக்கா போட்டாச்சு, முதல் ரூல் புக்க விட இது கெடுபிடி. ஒரு வீடியோ முதல் ரூல்ல பாஸாகி ரெண்டாவது ரூல்ல ஃபெயிலாகலாம். அப்படி ஆனா டிலீட் ஆகாது, லைக் வரும், கமெண்ட் வரும், எல்லாம் நல்லா இருக்கற மாதிரியே தெரியும், வெளி ஆள் ஒருத்தன் கூட வர மாட்டான், அவ்ளோதான்.

இதுல கன்டென்ட் பத்தின ரூல் ஒரு பக்கம் இருக்கட்டும், நம்ம குரூப் ஆளுங்க மாட்டறது பெரும்பாலும் ஃபைல்லதான். வேற ஆப்போட லோகோ வீடியோ மேல ஓடுறது, சவுண்டே இல்லாம ம்யூட்ல போடறது, 3 நிமிஷத்த தாண்டறது, அப்புறம் அடுத்தவன் எடுத்தத அப்படியே எடுத்து போடறது. கடைசி சமாச்சாரத்துக்கு 2024 ஏப்ரல்ல இன்னும் இறுக்கிட்டாங்க. ஒரே மாதிரி காப்பி ரெண்டு இருந்தா பரிந்துரைக்கறப்ப ஒரிஜினலத்தான் வெப்போம், 30 நாள்ல 10 தடவையோ அதுக்கு மேலயோ அடுத்தவங்களத எடுத்துப் போடற அக்கவுண்ட்ட பரிந்துரைலேர்ந்தே எடுப்போம்னு அறிவிச்சாங்க. குரூப்ல "மோட்டிவேஷன் கிளிப் பேஜ் ஆரம்பிங்க, ஈஸி ரீச்"னு இன்னும் சொல்லிட்டு இருக்கற அட்மின் யாருன்னு பேர் சொல்லல, அவருக்கே தெரியும்.

சரி, கேஸுக்கு வரேன். நம்ம குரூப்ல சைக்கிள் ரிப்பேர் வீடியோ போடற தம்பி ஒருத்தன் இருக்கான், பஞ்சர் ஒட்டறது, செயின் மாத்தறது, ப்ரேக் டைட் பண்றதுன்னு நல்லா கை வேலை தெரிஞ்ச பையன். அவனோட ஒரு ரீல் 900 வியூஸ் பக்கம் போய் நின்னுடுச்சு. இன்சைட்ஸ்ல Followers 97, Non-followers 3 சதவீதம். லைக் மட்டும் நூத்துக்கு மேல, அதுல பெரும்பகுதி நாம போட்டது. நீங்க வழக்கம் போல ஷேடோபேன்னு முடிச்சிட்டீங்க, அவனும் பயந்து ஒரு வாரம் போஸ்ட் போடாம அக்கவுண்டுக்கு ரெஸ்ட் குடுத்தான், ரெஸ்ட் குடுக்க அது என்ன மாடா?

நான் அவன பண்ணச் சொன்னது ரெண்டே விஷயம். செட்டிங்ஸ்ல போய் Account Status திறந்து பாரு, உன் அக்கவுண்டையோ ஏதாவது ஒரு போஸ்டையோ பரிந்துரைக்க மாட்டோம்னு இருந்தா அங்கயே எழுதி இருக்கும், தப்புன்னு தோணினா அங்கேர்ந்தே அப்பீல் பண்ணலாம். 2022 டிசம்பர்லேர்ந்து இந்த வசதி இருக்கு, ஆனா ஷேடோபேன்னு அலறற ஆளுங்கள்ல அத திறந்து பாத்தவங்க ரொம்ப கம்மி. அவனுக்கு அங்க எல்லாம் பச்சை. அடுத்து நீ அப்லோட் பண்ண அதே ஃபைல எனக்கு டாக்குமெண்ட்டா அனுப்புன்னேன். வந்துது, பாத்த உடனே தெரிஞ்சிது. வேற ஒரு ஷார்ட் வீடியோ ஆப்ல முதல்ல போட்டுட்டு அங்கேர்ந்து டவுன்லோட் பண்ணி இங்க ஏத்தியிருக்கான், மூலைல லோகோ மாறி மாறி குதிக்குது. அவன் அத லோகோன்னே நினைக்கல, எல்லா வீடியோலயும் இருக்கறதுதானேங்கறான்.

அடுத்த வீடியோவ எடிட்டிங் ஆப்லேர்ந்து நேரா எக்ஸ்போர்ட் பண்ணி போட்டான். லோகோவ மறைக்க க்ராப் பண்ணியோ மேல ஸ்டிக்கர் ஒட்டியோ போடாதீங்க, படம் மங்கலாகி அது வேற ஒரு குறையா நிக்கும். இந்த தடவை Non-followers முப்பது சதவீதத்துக்கு மேல வந்துது. மொத்த வியூஸ் ஒண்ணும் பிரமாதமா ஏறல, மூணாவது நாள் நின்னுடுச்சு. தம்பி "பாத்தீங்களா அண்ணா மறுபடி அதே கதை"ன்னான். அதே கதை இல்லடா, முதல்ல உன் வீடியோவ தெரியாதவன் கண்ணுலயே காட்டல, இப்ப சில நூறு பேருக்கு காட்டி அவங்க வேண்டாம்னு தள்ளிட்டாங்க. வெளில பாக்க ரெண்டும் ஒரே மாதிரி இருக்கும், மொத்த எண்ணிக்கை கிட்டத்தட்ட ஒண்ணா கூட வரும், ஆனா முதல் கேஸ்ல வீடியோவ எவ்ளோ நல்லா எடுத்தாலும் பிரயோஜனம் இல்ல, ரெண்டாவது கேஸ்ல ரூல்ஸ நோண்டி பிரயோஜனம் இல்ல. அதனாலதான் அந்த ஃபாலோயர் நான் ஃபாலோயர் பிரிவ பாக்காம யாரும் எதையும் சொல்லக் கூடாதுங்கறேன். ஒரு வீடியோல ரெண்டு மூணு சதவீதம்னா தற்செயலா கூட இருக்கலாம், தொடர்ந்து நாலஞ்சு வீடியோ அப்படியே ஒட்டிக்கிட்டு இருந்தா கதவு சாத்தியிருக்கான்னு முதல்ல சந்தேகப்படணும்.

ரெண்டாவது நிலைல ஏன் தள்ளினாங்கன்னு பாக்க, எந்த செகண்ட் வரைக்கும் எத்தன பேர் பாத்தாங்கன்னு காட்டற ரிட்டென்ஷன் கிராஃப திறந்தோம். 38 செகண்ட் வீடியோ, மூணாவது செகண்ட்லயே பாதிப்பேர் போயாச்சு. ஏன்னா முதல் ஆறு செகண்ட் தம்பி கேமராவ பாத்து வணக்கம் நண்பர்களே, போன வீடியோல ஒரு கேள்வி கேட்டிருந்தீங்கன்னு ஆரம்பிக்கறான். அவன ஏற்கனவே தெரிஞ்சவங்களுக்கு அது ஓகே, முகத்த பாத்த உடனே நம்ம பையன்னு உக்காந்து பாப்பாங்க. தெரியாதவனுக்கு போன வீடியோன்னு ஒண்ணே கிடையாது, அவன் விரல் ஏற்கனவே ஸ்வைப் பண்ண ரெடியா இருக்கு. ஃபாலோயர்கிட்ட நல்லா போற வீடியோ வெளில போகாம இருக்கறதுக்கு நான் அதிகமா பாக்கற காரணம் இதுதான், வீடியோ நல்லா இல்லைன்னு இல்ல, நம்மள தெரிஞ்சவங்களுக்கு மட்டும் புரியற மாதிரி இருக்கு.

இப்ப உங்க லைக் மருந்துக்கு வரேன். இன்ஸ்டாகிராம் தலைவர் ஆடம் மொசெரி 2025 ஜனவரில வெளிப்படையாவே சொன்னது: ரேங்கிங்ல முக்கியமா பாக்கறது மூணு, எவ்ளோ நேரம் பாக்கறாங்க, பாத்தவங்கள்ல எத்தன பேர் லைக் போடறாங்க, எத்தன பேர் இன்னொருத்தருக்கு அனுப்பறாங்க. இதுல லைக் ஃபாலோயர்ஸ்கிட்ட போற ரீச்சுக்கு கொஞ்சம் அதிகமா உதவும், அனுப்பறது ஃபாலோ பண்ணாதவங்ககிட்ட போற ரீச்சுக்கு அதிகமா உதவும். அப்போ நாம கூட்டமா போய் போடற லைக் எங்க வேலை செய்யுதுன்னு நீங்களே பாருங்க, ஏற்கனவே போயிட்டிருக்கற ரோட்டுலதான். அதுலயும் நாம லிங்க்க தட்டி உள்ள போய் ரெண்டு செகண்ட்ல ஹார்ட் போட்டுட்டு ஃபயர் எமோஜி விட்டுட்டு வெளிய வந்துடறோம், பஞ்சர் ஒட்டறத கடைசி வரைக்கும் யார் பாத்தா? பாக்கற நேரம்ங்கற முதல் கணக்குல நாம அவனுக்கு நல்லது பண்ணல. கதவு சாத்தின வீடியோவுக்கோ லைக் எத்தன போட்டாலும் ஒண்ணும் ஆகாது, லோகோ அங்கயேதான் இருக்கும்.

இதவிட பெரிய சேதம் நீ என்ன ஃபாலோ பண்ணு நான் உன்ன பண்றேன்ங்கற ஃபாலோ பேக். தம்பிய ஃபாலோ பண்றவங்கள்ல பெரும்பாலானவங்க நம்ம குரூப் ஆளுங்க, சமையல் போடறவங்க, மேக்கப் போடறவங்க, கவிதை படிக்கறவங்க, இவங்கள்ல எத்தன பேருக்கு சைக்கிள் செயின் பத்தி கவலை? அவங்க ஃபீடுல அவன் வீடியோ வந்தா தாண்டித்தான் போவாங்க, அது தப்பும் இல்ல. ஆனா சைக்கிள் ஓட்டற ஒருத்தன் இத விரும்புவானாங்கறதுக்கு அந்த கூட்டத்துலேர்ந்து எந்த தடயமும் கிடைக்காது, தம்பிக்கும் கிடைக்காது சிஸ்டத்துக்கும் கிடைக்காது.

அதனால கடைசியா அவன Trial ரீலா போடச் சொன்னேன். 2024 டிசம்பர்ல வந்த வசதி, முதல்ல ஃபாலோ பண்ணாதவங்களுக்கு மட்டும் காட்டும், ப்ரொஃபைல்லயும் ஃபாலோயர் ஃபீடுலயும் வராது, யாராவது மெசேஜ்ல அனுப்பினாலோ அதே ஆடியோ பேஜுக்கு போனாலோ ஃபாலோயர் கண்ணுல படலாம், அவ்ளோதான். ப்ரொஃபஷனல் அக்கவுண்ட் வேணும், எல்லார் ஆப்லயும் ஆப்ஷன் வராது, அவனுக்கு வந்திருந்துது. அதே பஞ்சர் டாபிக்தான், ஆனா புதுசா எடுத்தான், வணக்கம் கிடையாது, முதல் ஷாட்டே தண்ணிக்குள்ள ட்யூப், அதுலேர்ந்து முட்டை முட்டையா காத்து வருது, மேல எழுத்துல "ஓட்டை ஒண்ணுன்னு நினைச்சேன், மூணு இருந்துது". மூணாவது செகண்ட்ல முக்காவாசிப் பேர் இருந்தாங்க, இன்னொருத்தருக்கு அனுப்பின எண்ணிக்கை இதுவரைக்கும் அவன் பாக்காத அளவு. வைரலாகல, சைக்கிள் ட்யூப் பாக்க ஊரே வராது, வந்தவங்க சைக்கிள் ஆளுங்க, எனக்கு அது போதும். 72 மணி நேரத்துல நல்லா போனா தானாவே ஃபாலோயர்ஸுக்கும் ஷேர் ஆகற மாதிரி செட் பண்ணியிருந்தான், அப்படியே ஆச்சு.

நான் கேக்கறது சின்ன மாத்தம்தான். குரூப்ல பின் பண்ணி வெச்சிருக்கற லைக் டைம் டேபிள எடுத்துட்டு, ரீச் வரலைன்னு சொல்றவங்க லிங்க்க போடக் கூடாது, மூணு ஸ்க்ரீன்ஷாட் போடணும்னு மாத்துங்க: ஃபாலோயர் நான் ஃபாலோயர் பிரிவு, Account Status, ரிட்டென்ஷன் கிராஃப். கூட அந்த ஒரிஜினல் ஃபைலும். அந்த கிராஃப பாத்து எந்த செகண்ட்ல ஆள் போறாங்கன்னு சொல்லத் தெரிஞ்சவங்க குரூப்லயே எட்டு பத்து பேர் இருக்காங்க, நானும் வரேன். ஞாயித்துக்கிழமை நைட் ஃபாலோ பேக் மேளாவ மட்டும் தயவு செஞ்சு நிறுத்துங்க, தம்பிய அன்ஃபாலோ பண்ணணும்னு நினைக்கறவங்க தாராளமா பண்ணிக்கலாம்னு அவனே சொல்லச் சொன்னான்.

இப்படிக்கு,
குரூப்ல பேசாம பாத்துட்டிருக்கற ஒரு எடிட்டர்