வயது அறுபதா என்பதல்ல கேள்வி

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

மூச்சுப் பாதையைத் தாக்கும் ஆர்.எஸ்.வி வைரஸுக்கான தடுப்பூசி பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். அறுபதைத் தாண்டிய எல்லோரும் உடனே போட்டுக்கொள்ள வேண்டும் என்பதுபோல அது முடிந்திருந்தது. நுரையீரல் மருத்துவராக இருந்து ஓய்வு பெற்றவன் என்பதால், அதைப் படித்துவிட்டு என்னிடம் வந்த ஒரு தம்பதியின் கதையைச் சொல்லத் தோன்றுகிறது.

கணவருக்கு 66. தினமும் நடக்கிறார், ரத்த அழுத்தத்துக்கு ஒரு மாத்திரை, வேறொன்றுமில்லை. மனைவிக்கு 61. இதயம் பலவீனமாகி, கால் வீக்கத்துக்கு நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுகிறார். மூச்சு வாங்கி இரண்டு முறை மருத்துவமனையில் இருந்தவர். வயதில் மூத்தவர் என்பதால் கணவர் முதலில் போட்டுக்கொள்வது, அம்மாவுக்கு அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று வீட்டில் முடிவாகியிருந்தது. நான் அதை அப்படியே தலைகீழாக்கினேன்.

காரணம் எளிது. நல்ல உடம்புக்காரருக்கு இந்த வைரஸ் பெரும்பாலும் ஒரு வாரச் சளி, இருமல்தான். பலவீனமான இதயத்துக்கோ, நாள்பட்ட மூச்சடைப்பு நோய் உள்ள நுரையீரலுக்கோ அதே சளி போதும், ஏற்கெனவே தத்தளிக்கிறவரைக் கவிழ்த்துவிட. அதன் பிறகு மருத்துவமனைக் குறிப்பில் ‘இதயச் செயலிழப்பு அதிகரித்தது’ என்றுதான் இருக்கும், வைரஸின் பெயர் இருக்காது. பெரியவர்களின் மூக்கில் இந்த வைரஸ் குறைவாகவே இருப்பதால் சோதனையிலும் நழுவிவிடும். சோதித்துப் பார்ப்பவர்களே குறைவு என்பது வேறு விஷயம்.

அமெரிக்காவில் இந்தத் தடுப்பூசிகள் 2023-இல் அனுமதி பெற்றபோது, 60 தாண்டியவர்கள் மருத்துவருடன் பேசி முடிவெடுக்கலாம் என்றார்கள். 2024-இல் அந்தப் பரிந்துரையைக் கூர்மையாக்கினார்கள். 75 ஆகிவிட்டால் எல்லோருக்கும் ஒரு டோஸ். 60 முதல் 74 வரை, ஆபத்தைக் கூட்டும் நோய் இருந்தால் மட்டும்; 2025-இல் இந்த 60-ஐ 50 ஆக்கினார்கள். இதய, நுரையீரல் நோய்கள், முற்றிய சிறுநீரக நோய், எதிர்ப்புச் சக்தி குறைந்த நிலை, முதியோர் இல்ல வாழ்க்கை ஆகியவை அந்தப் பட்டியலில் உண்டு. சர்க்கரை நோயில் ஒரு நுணுக்கம் இருக்கிறது: இன்சுலின் போடுகிறவர், சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றும் எஸ்.ஜி.எல்.டி-2 வகை மாத்திரை சாப்பிடுகிறவர், அல்லது சிறுநீரகமோ நரம்போ பாதிக்கப்பட்டவர் பட்டியலில் வருவார், மற்ற மாத்திரைகளிலேயே கட்டுக்குள் இருப்பவர், வேறு பாதிப்பு இல்லையென்றால், வரமாட்டார். வெறும் ரத்த அழுத்தமும் கணக்கில்லை. ஆகவே நம் கணவர் இப்போதைக்குக் காத்திருக்கலாம்.

அவர் கேட்டார்: “போட்டால் என்ன கெட்டுப்போகும் டாக்டர்?” நியாயமான கேள்விதான். கை வலி, உடம்பு வலி, அசதி எல்லாம் ஓரிரு நாளில் போய்விடும். ஆனால் இந்தத் தடுப்பூசிகளில் அரெக்ஸ்வி, அப்ரிஸ்வோ இரண்டுக்கும், மிக அரிதாக வரும் கியான்-பாரே என்ற நரம்பு நோய் தொடர்பான எச்சரிக்கை உண்டு. உடம்பின் எதிர்ப்புச் சக்தியே நரம்புகளைத் தாக்கும் நோய் அது. 65 தாண்டியவர்களிடம் பார்த்த கணக்கில் பத்து லட்சம் டோஸுக்கு ஏழு முதல் ஒன்பது பேர்வரை கூடுதலாக வந்தது. மனைவிக்கு நோயின் ஆபத்து அதைவிடப் பல மடங்கு பெரிது. கணவருக்குத் தராசு அவ்வளவு தெளிவாகச் சாயவில்லை. ஊசிக்குப் பிந்தைய ஆறு வாரங்களில் காலில் சுருசுருப்பும் பலவீனமும் தொடங்கி மேலே ஏறினால் தாமதிக்காமல் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

அடுத்தது, எப்போது என்ற கேள்வி. ஃப்ளூ ஊசி ஆண்டுதோறும் வரும், ஒரு முறை நேரம் தப்பினாலும் அடுத்த ஆண்டு சரிசெய்துகொள்ளலாம். இது இப்போதைக்கு ஒரே டோஸ். ஒரு முறை போட்டவருக்கு மறுபடி போடும் பரிந்துரை இல்லை. பாதுகாப்பு ஒரு பருவத்துக்கு மேல் நீடிக்கிறது, ஆனால் தொடக்கத்தில் வலுவாக இருந்து மெல்லத் தேய்கிறது. எனவே அந்த வலுவான மாதங்கள் வைரஸ் பரவும் மாதங்களில் விழ வேண்டும். அமெரிக்காவில் ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை போடச் சொல்வது, குளிர்காலத்தில் தொற்று ஏறுமுன் உடம்பு தயாராக வேண்டும் என்பதற்காகவே. வெப்ப நாடுகளில் தொற்று பல இடங்களில் மழைக்காலத்தை ஒட்டி ஏறுகிறது. அங்கே மழைக்கு ஓரிரு மாதம் முன்னால் போடுவதே பொருத்தம்.

அந்த அம்மா வந்தபோது பருவம் ஏற்கெனவே தொடங்கிவிட்டது. “அடுத்த வருஷம் சரியான நேரத்துக்கே போட்டுக்கொள்கிறோமே” என்றார். வேண்டாம் என்றேன். பருவம் முடிந்து, அடுத்த பருவத்துக்குப் பல மாதம் இருக்கிறது என்றால் காத்திருப்பதில் அர்த்தம் உண்டு. ஆபத்து வாசலில் நிற்கும்போது இல்லை. அன்று அவருக்குக் காய்ச்சல் இல்லை, மூச்சு நிதானமாக இருந்தது. ஒரு கையில் ஃப்ளூ ஊசி, மறு கையில் இது, இரண்டும் ஒரே நாளில் போட்டுக்கொண்டார். மறுநாள் முழுக்கக் கை வலி என்று புலம்பினாராம்.

கணவரிடம் 75 ஆகும்போது வாருங்கள், அதற்குள் இதயமோ நுரையீரலோ படுத்தினால் முன்னாலேயே வாருங்கள் என்று சொல்லி அனுப்பினேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற நுரையீரல் மருத்துவர் ஒருவர்