யாஹூ முகவரிகளைப் பற்றி எழுதியவருக்கு

அன்புள்ள நண்பருக்கு,

வணக்கம். இணையதள வேலை செய்து தருபவர் என்று சொல்லி, என் தளத்தின் படிவத்தில் யாஹூ முகவரி கொடுப்பவர்களின் செய்தி எனக்கு வந்து சேராமல் போகலாம் என்று நீங்கள் எழுதிய மின்னஞ்சல் வந்து சில நாட்களாகிவிட்டன. நீங்கள் சொன்னதைச் சோதித்துப் பார்க்காமல் பதில் எழுத மனம் வரவில்லை, அதனால்தான் இந்தத் தாமதம்.

கைக்கடிகாரம் பழுது பார்க்கும் சின்னக் கடை என்னுடையது. முன்பின் தெரியாதவர்களிடமிருந்து தினமும் மின்னஞ்சல் வருகிறது. "உங்கள் இணையதளத்தில் பல பிழைகள் உள்ளன, கூகுளில் முதல் பக்கத்துக்குக் கொண்டுவருகிறோம்" என்று ஆரம்பிக்கும். என்ன பிழை என்று யாரும் சொல்வதில்லை. அதே வரிகளைப் பூக்கடைக்கும் அனுப்பலாம், பல் மருத்துவருக்கும் அனுப்பலாம். திறந்த வேகத்தில் அழித்துவிடுவேன்.

உங்களுடையதை அழிக்கவில்லை. "தாத்தாவின் கடிகாரத்தில் சாவி கொடுக்கும் திருகு சுற்றிக்கொண்டே இருக்கிறது, இறுகவே இல்லை. உங்கள் தளத்தில் உள்ள படிவத்தில் கேட்டிருந்தேன், பதில் வரவில்லை" என்று எழுதியிருந்தீர்கள். என் தளத்துக்கு நிஜமாகவே வந்து போனவர் எழுதும் வரி அது. அடுத்து, நீங்கள் யாஹூ முகவரி கொடுத்ததுதான் காரணமாக இருக்கலாம் என்று சொல்லி, "நான் நினைப்பது தவறாகவும் இருக்கலாம், நீங்களே இப்படிச் சோதித்துப் பாருங்கள்" என்று வழியும் சொல்லியிருந்தீர்கள். இணைப்பு, கோப்பு எதுவும் இல்லை. கடவுச்சொல்லும் கேட்கவில்லை. எனக்கு நம்பிக்கை வந்தது அங்கேதான்.

கடையை மூடிய பிறகு, தள முகவரியை நானே தட்டச்சு செய்து, படிவத்தை இரண்டு முறை நிரப்பினேன். ஒருமுறை என் சொந்த ஜிமெயில் முகவரி, இன்னொரு முறை என் மனைவியின் யாஹூ முகவரி. ஜிமெயில் கொடுத்து அனுப்பியது கடையின் அஞ்சல் பெட்டியில் ஸ்பேமுக்குள் கிடந்தது. யாஹூ கொடுத்து அனுப்பியது ஸ்பேமிலும் இல்லை, எங்குமே இல்லை. படிவமோ இரண்டு முறையும் "நன்றி, உங்கள் செய்தி கிடைத்தது" என்றுதான் சொன்னது.

காரணத்தை நீங்கள் விளக்கியிருந்த விதம் எனக்கு நன்றாகப் புரிந்தது. படிவத்தை யார் நிரப்புகிறாரோ அவருடைய முகவரியையே என் தளம் `From` என்ற இடத்தில் போட்டு அஞ்சல் அனுப்புகிறது. வேறொருவர் பெயரை அனுப்புநராக எழுதித் தபாலில் போடுவது மாதிரி. தன் முகவரியை இப்படி மற்றவர்களின் சர்வர்கள் பயன்படுத்தினால் அந்த அஞ்சலை நிராகரித்துவிடுங்கள் என்று யாஹூ 2014-லேயே உலகத்துக்கு அறிவித்துவிட்டது. ஜிமெயில் தன் முகவரிகளுக்கு அவ்வளவு கடுமையாகச் சொல்லவில்லை, அதனால் அது ஸ்பேம் வரைக்குமாவது வந்து சேர்ந்திருக்கிறது. அதாவது குறிப்பிட்ட சிலருடைய விசாரணை மட்டும் சத்தமில்லாமல் காணாமல் போகும். மற்றவர்களுடையது வந்துகொண்டே இருப்பதால் கடைக்காரருக்குச் சந்தேகமே வராது.

தீர்வையும் நீங்களே எழுதியிருந்தீர்கள். `From` இடத்தில் என் கடையின் சொந்த முகவரி, `Reply-To` இடத்தில் வாடிக்கையாளர் முகவரி. படிவத்தின் அமைப்புகளில் அந்த இரண்டு கட்டங்களையும் தேடிக் கண்டுபிடித்து மாற்றிவிட்டேன். மறுபடி மனைவியின் முகவரியில் சோதித்தேன், வந்துவிட்டது. ஆனால் ஸ்பேமுக்குள்தான். என் டொமைன் பெயரில் அஞ்சல் அனுப்ப என் தளம் இயங்கும் சர்வருக்கு அனுமதி இருப்பதாக `SPF` பதிவில் எழுத வேண்டும் என்று சொல்லியிருந்தீர்களே, அதில் நான் கைவைக்கவில்லை. அதில் தப்பு நடந்தால் கடையிலிருந்து போகும் ஒழுங்கான அஞ்சல்களும் ஸ்பேமில் விழும் என்று எச்சரித்ததும் நீங்கள்தான்.

அந்த வேலையை நீங்களே செய்து தர முடியுமா? உங்கள் கட்டணத்தைச் சொல்லுங்கள். முதலில் இது ஒன்று மட்டும் போதும், தளத்தைப் புதுப்பிப்பதெல்லாம் அப்புறம் பேசலாம். என் கடவுச்சொல்லைத் தர மாட்டேன், தவறாக நினைக்காதீர்கள்; டொமைன் கணக்கில் உங்களுக்கென்று தனிப் பயனர் அனுமதி உருவாக்கித் தருகிறேன், வேலை முடிந்ததும் நீக்கிவிடுவேன்.

உங்கள் தாத்தாவின் கடிகாரத்துக்கு வருகிறேன். திருகு இறுகாமல் சுற்றுகிறது என்றால் பெரும்பாலும் உள்ளே இருக்கும் மெயின்ஸ்பிரிங் அறுந்திருக்கும். பல்சக்கரத்தைப் பிடித்து நிறுத்தும் சின்ன கிளிக் தேய்ந்திருந்தால் வேறு மாதிரி இருக்கும்: சாவி ஏறும், ஆனால் விரலை எடுத்ததும் திருகு பின்னோக்கி ஓடிவிடும். இரண்டில் எது என்று பார்த்து எழுதுங்கள். அதுவரை பலமாகத் திருக வேண்டாம்.

கடைசியாக ஒரு கேள்வி. படிவத்தில் இதுவரை வந்த விசாரணைகளின் நகல் தளத்தில் எங்காவது சேமிக்கப்பட்டிருக்குமா? கிடைத்தால் எடுத்துக் கொடுங்கள், அதற்கும் சேர்த்துக் கட்டணம் சொல்லுங்கள். எவ்வளவு பழையதாக இருந்தாலும் ஒவ்வொருவருக்கும் நானே பதில் எழுதப் போகிறேன்.

அன்புடன்,
கடிகாரக் கடைக்காரர்