அலமாரியில் இருக்கும் கம்பன் தேடலில் இல்லை
நூலக மென்பொருள் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய குழுவினருக்கு,

மும்பையில் ஒரு சிறிய தமிழ் நூலகத்தின் நூற்பட்டியலைச் சனி, ஞாயிறுகளில் பார்த்துக்கொள்பவன் நான். சென்ற மாதம் ஆய்வு மாணவி ஒருவர் ரோமன் எழுத்தில் Kampaṉ என்று தட்டித் தேடினார். ஒரே ஒரு நூல் வந்தது. அலமாரியில் அந்தப் பெயரில் ஒரு வரிசையே இருக்கிறது. உங்களிடம் முறையிட்டேன், "எங்கள் கணினியில் சரியாக வருகிறது" என்று எழுதி முறையீட்டை முடித்துவைத்துவிட்டீர்கள்.

வந்திருக்கும், ஐயமில்லை. பெயரைப் பதிந்ததும் தேடியதும் ஒரே விசைப்பலகையில் என்றால் இந்தப் பிழை தலைகாட்டாது.

கீழ்க்கோடு போட்ட ṉ என்ற எழுத்தை யூனிகோடில் இரண்டு வகையாக எழுதலாம். U+1E49 என்ற ஒற்றைக் குறியீடாக எழுதுவது ஒன்று. வெறும் n எழுதி, அதன்பின் U+0331 என்ற ஒட்டுக்குறியைச் சேர்ப்பது மற்றொன்று. திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். விசைப்பலகை பெரும்பாலும் முதல் வகையைத் தருகிறது. பிற நூலகங்களிலிருந்து நாங்கள் இறக்கிக்கொள்ளும் மார்க் 21 பதிவுகளில் எழுத்தும் குறியும் பிரிந்தே வருவது நெடுநாள் வழக்கம். மாணவிக்குக் கிடைத்த அந்த ஒரு நூல், நான் கையால் பதிந்தது. மற்றவை இறக்கியவை.

நீங்களே பார்க்கலாம். பைத்தானில் இதை ஓட்டுங்கள்:

```python
print("Kampa\u1e49")
print("Kampan\u0331")
```

வரும் இரண்டு வரிகளையும் நகலெடுத்து, ஆசிரியர் பெயராக இட்டு இரண்டு புதிய பதிவுகளைச் சேமியுங்கள். கையால் தட்டாதீர்கள், தட்டினால் இரண்டும் ஒரே வகையாகிவிடும். பிறகு தேடுங்கள். Kampa என்று தேடினால் இரண்டும் வரும். முதல் வரியை ஒட்டித் தேடினால் முதல் பதிவு மட்டும், இரண்டாவதை ஒட்டினால் இரண்டாவது மட்டும். குறியே இல்லாமல் Kampan என்று தேடிப் பாருங்கள்: இரண்டாவது வரும், முதலாவது வராது. பிரிந்த வடிவத்தில் வெறும் n உள்ளே இருக்கிறதல்லவா? நோய் இதுதான் என்று எனக்குப் பிடிபட்டது அந்த இடத்தில்தான். எந்தத் தேடலிலும் இரண்டு பதிவுகளும் வர வேண்டும் என்பதே எங்கள் எதிர்பார்ப்பு.

மருந்து யூனிகோடிலேயே இருக்கிறது. ஒப்பிடுவதற்கு முன் இரண்டு பக்கத்தையும் NFC என்ற ஒரே வடிவத்துக்குக் கொண்டுவர வேண்டும்:

```python
from unicodedata import normalize
normalize("NFC", "Kampan\u0331") == "Kampa\u1e49"  # True
```

தேடும் சொல்லுக்கு மட்டும் இதைச் செய்து நிறுத்திவிடாதீர்கள். பழைய பதிவுகள் பிரிந்த வடிவத்திலேயே கிடந்தால், இன்று ஒட்டித் தேடியாவது கிடைப்பவை நாளை அதற்கும் அகப்படா. சேமிக்கும்போதும் செய்ய வேண்டும், இருக்கும் தேடல் அட்டவணையையும் ஒருமுறை புதிதாகக் கட்ட வேண்டும். குறியில்லாத Kampan இரண்டையும் காட்ட, ரோமன் எழுத்துகளுக்கு மட்டும் குறி நீக்கிய நகல் ஒன்றைத் தேடலுக்கெனத் தனியே வைத்துக்கொள்ளுங்கள்.

"ரோமன் எழுத்துகளுக்கு மட்டும்" என்று நான் வற்புறுத்தக் காரணம் உண்டு. ஒட்டுக்குறிகளை நீக்க, Mn என்ற வகையில் உள்ள எல்லாவற்றையும் அழிக்கும் குறுக்குவழி ஒன்று பரவலாகப் புழங்குகிறது. தமிழின் புள்ளியும் ஈகாரக் குறியும் அதே வகையில்தான் இருக்கின்றன. அந்த வழியில் போனால் கம்பன் 'கமபன' ஆவான். சீதை 'சதை' ஆவாள். கம்பனைத் தேடித்தரக் கேட்டவனுக்கு இது கிடைக்க வேண்டாம்.

தமிழ் எழுத்திலும் இதே சிக்கல் இருக்கிறது. 'தொல்காப்பியர்' என்பதன் ஒகரக் குறி ஒற்றையாகவும் (U+0BCA) வரும். கொம்பும் காலும் தனித்தனியாகவும் (U+0BC6, U+0BBE) வரும். NFC இதையும் சேர்த்துத் தீர்த்துவிடும். ஆனால் 'கௌரி' என்பதை ளகரம் போட்டு 'கெளரி' என்று தட்டியிருந்தால் அதைத் தீர்க்காது. அது வேறு எழுத்து. அந்தக் குப்பை எங்களுடையது, நாங்களே கூட்டிக்கொள்கிறோம்.

முறையீட்டை மறுபடி திறந்து, மேலே சொன்ன இரண்டு பதிவுகளையும் உங்கள் சோதனைத் தொகுப்பில் சேருங்கள். அந்த மாணவிக்கு இப்போதைக்கு 'Kampa வரைக்கும் தட்டுங்கள்' என்று ஒரு துண்டுச்சீட்டு எழுதி மேசையில் ஒட்டி வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
நூலகத் தன்னார்வலர் ஒருவர், மும்பை