டெங்கு கூடினால் சிரமதானம் வீணா?

ஆசிரியருக்கு,

மாரி தொடங்கியதும் சிரமதானம் செய்தும் மூன்று கிழமைக்குப் பிறகு டெங்கு நோயாளர் கூடியிருக்கிறார்களே, என்ன பயன் என்று கிளிநொச்சி வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். அவருடைய ஆதங்கம் நியாயமானது. ஆனால் மூன்று கிழமையில் அதைத் தீர்மானிக்க முடியாது.

நோயாளியைக் கடித்த நுளம்பு உடனே நோயைப் பரப்பாது. வைரஸ் அதன் உடலில் பெருகி உமிழ்நீருக்கு வர எட்டு, பத்து நாளாகும். பிறகு அது கடித்தவருக்குக் காய்ச்சல் வர இன்னும் நான்கு முதல் ஏழு நாள் செல்லும். இடையில் நுளம்பு கடிக்க எடுக்கும் நாட்களையும் சேர்த்தால், ஒருவரிடமிருந்து அடுத்தவருக்குப் போக ஏறத்தாழ மூன்று கிழமை பிடிக்கும். துப்புரவு நடந்த அன்று வைரஸ் ஏறிய நுளம்புகள் ஏற்கெனவே பறந்துகொண்டுதான் இருந்தன.

நோய் எதிர்ப்பு இல்லாத ஊரில் ஒரு நோயாளியிடமிருந்து சராசரியாக எத்தனை பேருக்கு நோய் போகிறது என்பதே அடிப்படைப் பரவல் எண். உதாரணத்துக்கு அதை 2 என்று வைப்போம். 5 பேரில் தொடங்கினால் மூன்று கிழமைக்கு ஒருமுறை 10, 20, 40 என்று இரட்டிக்கும். 20 பேர் இருக்கும்போது கிணற்றடித் தொட்டி, பழைய டயர், சிரட்டை எல்லாம் துப்புரவாகி, எண் 1.2 ஆகக் குறைகிறது என்று வைப்போம். அடுத்த தடவையும் 40 பேர் வரத்தான் செய்வார்கள். அதன் பிறகு 48, அப்புறம் சுமார் 58. எண்ணிக்கை இன்னும் ஏறுகிறது, சரி. ஆனால் துப்புரவு செய்யாவிட்டால் அது 80, 160 ஆகியிருக்கும். மூன்று கிழமையில் இரட்டித்த நோய் இப்போது இரட்டிக்கப் பதினொரு கிழமை எடுக்கிறது. பார்க்க வேண்டியது இந்த வேகத்தைத்தான்.

பரவல் எண் 1-க்குக் கீழே போனால்தான் நோய் ஓயும். நுளம்பு குறையும் அளவுக்கே பரவலும் குறையும். ஆகவே 2 இருந்த இடத்தில் நுளம்பில் பாதிக்கு மேல் ஒழிய வேண்டும். புகையடித்தால் பறக்கும் நுளம்பு சாகும், தண்ணீரில் இருக்கும் குடம்பி சாகாது. வெப்பமான நாட்களில் ஒரு கிழமைக்குள் புதிய நுளம்பு கிளம்பிவிடும்.

கணக்கைக் கெடுப்பது இன்னொன்றும் உண்டு. பொங்கலுக்குக் கொழும்பிலிருந்து காய்ச்சலோடு வந்த பிள்ளை நம் ஊர் நுளம்பால் நோயாளியானவர் அல்ல. அவரையும் சேர்த்து எண்ணினால், ஊரில் பரவல் குறைந்தாலும் கூடியதாகவே தெரியும்.

உங்கள் பத்திரிகை மொத்தத் தொகையை மட்டும் போடாமல், காய்ச்சல் தொடங்கிய கிழமை வாரியாக, வெளியூரில் தொற்றியவர்களைத் தனியே காட்டி வெளியிடுமா? பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள் குடம்பி கண்ட வீடுகளின் விகிதத்தையும் பக்கத்தில் போட்டால், அடுத்த சிரமதானத்தை எந்தப் பக்கம் வைப்பது என்று எங்களுக்கே தெரிந்துவிடும்.

வாசகர் ஒருவர்,
பரந்தன்