குறியை நீக்கினால் பிழை நீங்குமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற இதழின் கணிதப் பக்கத்தில், "பரவற்படி குறை எண்ணாக வந்தால் குறியை நீக்கிவிட்டு விடை எழுதலாம்" என்று அச்சிட்டிருக்கிறீர்கள். படித்ததிலிருந்து என் மனம் ஆறவில்லை. சராசரியிலிருந்து விலகும் தூரத்தின் வர்க்கத்தை அடர்த்திச் சார்பால் பெருக்கித் தொகையிடுவதுதான் பரவற்படி. வர்க்கமும் குறை எண் ஆகாது, அடர்த்தியும் ஆகாது. தொகை மட்டும் எப்படி ஆகும்? இது தாங்கள் அறியாததல்ல.

கணக்கு எளியதுதான். 0 முதல் 2 வரை அடர்த்திச் சார்பு f(x) = kx; பரவற்படியைக் காண வேண்டும். உங்கள் கட்டுரையாளர் k-ஐக் கண்டுபிடிக்காமல் 1 என்றே வைத்துக்கொண்டார். அப்போது வளைவின் கீழ்ப் பரப்பு 2 ஆகிறது. அது 1 ஆக வேண்டும். அவருக்கு வந்த சராசரி 8/3. இரண்டைத் தாண்டாத மாறிக்கு இரண்டுக்கு மேல் சராசரியா? அங்கேயே பேனாவைக் கீழே வைத்திருக்க வேண்டும். அவரோ E(X²) = 4 என்று கண்டு, சராசரியின் வர்க்கமான 64/9-ஐக் கழித்து, −28/9 வந்ததும் குறியை மட்டும் அழித்துவிட்டார். அழித்த பிறகும் அது தவறுதான். நீளம் 2 உள்ள இடைவெளியில் பரவற்படி 1-ஐத் தாண்டவே முடியாது. அவருடைய விடை 3-ஐயும் தாண்டுகிறது.

பரப்பை 1 ஆக்கினால் k = 1/2. x·(x/2)-ஐத் தொகையிட்டால் x³/6. எல்லைகளை இட்டால் சராசரி 4/3. x²·(x/2)-ஐத் தொகையிட்டால் x⁴/8; அதனால் E(X²) = 2. பரவற்படி 2 − 16/9 = 2/9. இவ்வளவுதான் வேலை.

விடைத்தாள் திருத்தும்போது குறை எண்ணில் பரவற்படியைக் கண்டால் நான் கணக்கின் முதல் வரிக்குத்தான் போவேன். பெரும்பாலும் k-ஐ விட்டிருப்பார்கள், அல்லது E(X)-ஐ வர்க்கப்படுத்தாமல் கழித்திருப்பார்கள். பிழையைக் காட்டிக்கொடுப்பதே அந்தக் குறிதான். இப்போது என் மாணவி ஒருத்தி உங்கள் இதழைக் காட்டி மதிப்பெண் கேட்கிறாள். அவளை நான் எப்படிக் கடிந்துகொள்வேன்?

இது முதல் முறையுமல்ல. காஷி பரவலின் வளைவு சமச்சீராக இருப்பதால் அதன் சராசரி 0 என்று முன்பு எழுதினீர்கள். x/(π(1+x²))-ஐ 0 முதல் A வரை தொகையிட்டால் ln(1+A²)/(2π) வருகிறது. A வளர வளர அதுவும் எல்லையின்றி வளரும். வலப்பக்கம் முடிவிலி, இடப்பக்கம் எதிர் முடிவிலி. இரண்டையும் கூட்டிப் பூச்சியம் என்பதற்கு வழியில்லை. அந்தப் பரவலுக்குச் சராசரியே கிடையாது. அப்போது நான் எழுதிய கடிதத்தைத் தாங்கள் வெளியிடவில்லை. வருந்தினேன், ஆனாலும் இதழை வாங்குவதை நிறுத்தவில்லை.

அடுத்த இதழில் 2/9 என்ற விடையை, k = 1/2 என்று காணும் அந்த முதல் வரியோடு சேர்த்து வெளியிடுங்கள். சிறு கட்டத்தில் போட்டாலும் போதும்.

இப்படிக்கு,
கணித ஆசிரியை ஒருவர்